உங்கள் ஊர் கிராமமா நகரமா? மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அளவுகோலை வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

பேருந்து நிலையம், நாலு வங்கிக் கிளை, மூன்று மாடிக் கட்டடங்கள், இரவு பதினொரு மணிவரை திறந்திருக்கும் பரோட்டாக் கடை என எல்லாம் இருக்கும் ஊர் அரசு ஏட்டில் கிராமமாக இருக்கும். பத்து கிலோமீட்டர் தள்ளி, வயலுக்கு நடுவே அமைதியாகக் கிடக்கும் இன்னொரு ஊர் நகரப் பட்டியலில் இருக்கும். யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் தவறு எதுவும் நடந்திருக்காது. இந்தியாவில் கிராமம், நகரம் என்று பிரிக்க ஒரு விதி இருக்கிறது. அந்த விதி கடைத்தெருவையோ மாடிவீட்டையோ பார்ப்பதில்லை.

அது பார்ப்பது முதலில் ஒரு அரசாணையை. அரசாணை இல்லையென்றால் மூன்று எண்களை. அந்த மூன்றிலும் உண்மையில் முடிவு செய்வது ஒன்றே ஒன்றுதான்: ஊர் ஆண்களில் எத்தனை பேர் விவசாயத்தில் இருக்கிறார்கள் என்பது. இதை உங்கள் ஊருக்கு நீங்களே எப்படிச் சரிபார்ப்பது, எங்கெங்கே கணக்கு வழுக்கும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில்: அரசாணை இருக்கிறதா?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரம் என்பது இரண்டு வகை. முதல் வகை சட்டபூர்வ நகரம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, கண்டோன்மென்ட் வாரியம் என ஏதாவது ஒரு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்பு சட்டப்படி இருந்தால் போதும், அந்த இடம் நகரம். மக்கள்தொகை மூவாயிரமாக இருந்தாலும், ஊரில் பாதிப் பேர் நெல் நட்டாலும் கேள்வி இல்லை. எந்த எண்ணையும் யாரும் சோதிக்க மாட்டார்கள்.

இந்த அந்தஸ்தைத் தருவது கணக்கெடுப்புத் துறை அல்ல; கண்டோன்மென்ட் என்றால் மத்திய அரசு, மற்றவற்றுக்கு மாநில அரசு. அரசியல் சாசனத்தின் 243Q பிரிவு மக்கள்தொகை, அடர்த்தி, உள்ளாட்சியின் வருவாய், விவசாயம் அல்லாத வேலைவாய்ப்பின் விழுக்காடு, பொருளாதார முக்கியத்துவம் ஆகியவற்றைக் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. ஆனால் எவ்வளவு இருந்தால் நகரம் என்று எண் எதையும் அது சொல்லவில்லை. அந்த இடைவெளியில் ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் போகிறது.

எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. 2004இல் மாநில அரசு ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளை ஒரே ஆணையில் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றியது. ஊரகத் திட்டங்களுக்கு மத்திய அரசு ஒதுக்கும் பணம் அந்த ஊர்களுக்கும் வரட்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். 2006இல் அவை திரும்பவும் பேரூராட்சிகள் ஆயின. இரண்டு வருடத்தில் அந்த ஊர்களில் ஒரு வயல்கூடக் கூடவில்லை, குறையவுமில்லை. நகரமாக இருந்து, கிராமமாகி, மறுபடி நகரமானதெல்லாம் காகிதத்தில்தான்.

எனவே முதல் வேலை உங்கள் ஊரை நிர்வகிப்பது யார் என்று பார்ப்பது. வீட்டுவரி ரசீதை எடுங்கள். பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று இருந்தால் விடை கிடைத்துவிட்டது, இதற்கு மேல் கணக்கு வேண்டாம். கிராம ஊராட்சி என்று இருந்தால் அடுத்ததற்குப் போகலாம். ஊராட்சி என்று இருந்தாலே கிராமம் என்று முடிவுகட்ட வேண்டாம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

இரண்டாவது வகை நகரம்

உள்ளாட்சி ரீதியாக ஊராட்சியாகவே இருக்கும் ஓர் இடத்தைக் கணக்கெடுப்புத் துறை மட்டும் நகரம் என்று எழுதிக்கொள்ளலாம். இதற்குக் கணக்கெடுப்பு நகரம் என்று பெயர். சென்சஸ் டவுன் என்றால் அலுவலகங்களில் சட்டென்று புரியும். இதற்கு மூன்று நிபந்தனைகள், மூன்றும் ஒருசேர நிறைவேற வேண்டும். மக்கள்தொகை குறைந்தது 5,000. ஒரு சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர். ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் குறைந்தது 75 விழுக்காட்டினர் விவசாயம் அல்லாத வேலையில் இருக்க வேண்டும்.

இந்தக் கட்டமைப்பு 1961 கணக்கெடுப்பில் வந்தது. அதற்கு முன் எது நகரம் என்பதில் உள்ளூர் அதிகாரிகளின் பார்வைக்கு நிறைய இடம் இருந்தது. 1961இல் கறாராக எண்களைப் போட்டதும், 1951இல் நகரமாக இருந்த பல நூறு இடங்கள் பட்டியலிலிருந்து விழுந்தன. அடர்த்தி அப்போது சதுர மைலுக்கு 1,000 பேர். மெட்ரிக் அளவுக்கு மாறியபோது அது ஏறத்தாழ 386 ஆகும், அதை உருட்டி 400 ஆக்கிக்கொண்டார்கள். 400 என்ற எண்ணுக்குப் பின்னால் பெரிய ஆராய்ச்சி இருக்கிறதா என்று என்னிடம் ஒருவர் கேட்டார். ஒரு முழு எண்ணை அலகு மாற்றினால் இப்படித்தான் வரும், அவ்வளவே.

உங்கள் ஊர் 2011இல் எந்தப் பட்டியலில் இருந்தது என்று பார்க்க censusindia.gov.in தளத்தில் மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டை எடுங்கள். நகரங்களின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு சுருக்கம் இருக்கும். `(TP)` என்றால் பேரூராட்சி, `(M)` நகராட்சி, `(M Corp.)` மாநகராட்சி, `(CB)` கண்டோன்மென்ட். `(CT)` என்று இருந்தால் கணக்கெடுப்பு நகரம். `(OG)` என்பது வேறு கதை. ஒரு சட்டபூர்வ நகரத்தை ஒட்டி வளர்ந்த ரயில்வே குடியிருப்பு, பல்கலைக்கழக வளாகம், துறைமுகப் பகுதி போன்றவற்றை அந்த நகரத்தோடு சேர்த்து எண்ணுவதற்கான குறி அது. அதற்கு மேலே சொன்ன மூன்று எண்கள் தேவையில்லை.

இந்தக் குறிகளை ஏன் கவனிக்க வேண்டும் என்றால், நகர வளர்ச்சி என்று செய்தியில் வருவதில் பெரும் பங்கு இந்த `(CT)` வகையிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டில் 2001இல் 721 சட்டபூர்வ நகரங்களும் 111 கணக்கெடுப்பு நகரங்களும் இருந்தன. 2011இல் சட்டபூர்வ நகரங்கள் அதே 721. கணக்கெடுப்பு நகரங்கள் மட்டும் 376 ஆகிவிட்டன. கேரளத்தில் 99 என்று இருந்தது 461 ஆனது. அந்த மாநிலத்தின் நகர மக்கள் பங்கு ஒரே பத்தாண்டில் சுமார் 26 விழுக்காட்டிலிருந்து 47.7 விழுக்காட்டுக்குத் தாவியது அதனால்தான்.

எண்களைத் திரட்டுவது

கணக்குப் போட ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்: எதை 'ஊர்' என்று எடுத்துக்கொள்வது? கணக்கெடுப்பின் அலகு வருவாய் கிராமம். நாம் பேச்சில் ஊர் என்று சொல்வது வேறு, ஊராட்சி வேறு, வருவாய் கிராமம் வேறு. ஒரு வருவாய் கிராமத்துக்குள் ஐந்தாறு குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கலாம். ஒரே கடைத்தெருவின் இடப்பக்கம் ஒரு வருவாய் கிராமம், வலப்பக்கம் இன்னொன்று என்றும் இருக்கலாம். அப்படி இருந்தால், சேர்த்துப் பார்க்க 8,000 பேர் உள்ள ஊர் ஏட்டில் 4,300 பேர், 3,700 பேர் என்று இரண்டு கிராமங்களாகப் பிரிந்து, இரண்டுமே 5,000த்தைத் தொடாமல் போகும். கேரளத்தின் தாவலுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அங்கே வருவாய் கிராமங்களே பெரியவை. பெரும்பாலானவற்றில் ஆள் எண்ணிக்கை முதலிலேயே 5,000த்தைத் தாண்டி நிற்கிறது. அந்த நிபந்தனை அங்கே யாரையும் தடுப்பதில்லை.

வருவாய் கிராமத்தின் பெயர் பட்டாவிலோ சிட்டாவிலோ இருக்கும். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பிரைமரி சென்சஸ் அப்ஸ்ட்ராக்ட் எனப்படும் அட்டவணையைத் தேடுங்கள். அதை இனி பி.சி.ஏ. என்று சொல்கிறேன். கிராம வாரியாக எக்செல் கோப்பாகக் கிடைக்கும். ஏகப்பட்ட பத்திகள் இருக்கும், பயப்பட வேண்டாம், நமக்கு ஆறு போதும். பரப்பளவு மட்டும் இதில் இருக்காது. மாவட்டக் கையேட்டின் கிராம விவரப் பகுதியில் ஹெக்டேரில் இருக்கும். 100 ஹெக்டேர் ஒரு சதுர கிலோமீட்டர்.

கணக்கைக் காட்ட ஒரு கற்பனை கிராமத்தை எடுத்துக்கொள்கிறேன். எண்கள் நான் வைத்தவை, பத்திகளின் பெயர்கள் உண்மையானவை. பரப்பு 612 ஹெக்டேர்.

```
TOT_P       5420
MAINWORK_M  1480
MAIN_CL_M    190
MAIN_AL_M    171
MAIN_HH_M     64
MAIN_OT_M   1055
```

முதல் வரி மொத்த மக்கள்தொகை. இரண்டாவது ஆண் முதன்மைத் தொழிலாளர்கள். அடுத்த நான்கும் அந்த 1,480 பேரை நான்காகப் பிரித்தது: சொந்த நிலத்திலோ குத்தகையிலோ பயிர் செய்பவர்கள், விவசாயக் கூலிகள், வீட்டுத் தொழில் செய்பவர்கள், மற்றவர்கள். நான்கையும் கூட்டினால் இரண்டாவது வரி வர வேண்டும். வராவிட்டால் வேறு ஊரின் வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரே பெயரில் மாவட்டத்துக்கு மூன்று கிராமம் இருப்பது நம் ஊரில் சகஜம்.

மக்கள்தொகையும் அடர்த்தியும்

5,420 என்பது 5,000த்துக்கு மேல். சரி. 612 ஹெக்டேர் என்பது 6.12 சதுர கிலோமீட்டர். 5,420ஐ 6.12ஆல் வகுத்தால் ஏறத்தாழ 886. அதுவும் சரி.

அடர்த்தி நிபந்தனையில் பெரும்பாலான ஊர்கள் சுலபமாகத் தேறிவிடும். 2011இல் தமிழ்நாட்டின் சராசரி அடர்த்தியே 555. கேரளத்தில் 860. பீகாரில் 1,106, மாநிலங்களிலேயே அதிகம். ஆனால் பீகாரில் நகர மக்கள் 11.3 விழுக்காடுதான். நெருக்கமாக வாழ்வதும் நகரமாக இருப்பதும் இந்த விதியில் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

அடர்த்தி காலை வாரும் இடம் ஒன்று உண்டு. வகுக்கும்போது எடுப்பது வருவாய் கிராமத்தின் முழுப் பரப்பு. ஏரி, மலைச்சரிவு, மேய்ச்சல் புறம்போக்கு எல்லாம் அதில் அடக்கம். 5,200 பேர் உள்ள ஒரு கிராமத்தின் மொத்தப் பரப்பு 1,450 ஹெக்டேர் என்று வையுங்கள். அடர்த்தி 359, தோல்வி. ஆனால் அந்த 5,200 பேரும் 60 ஹெக்டேர் நத்தத்தில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள் என்றால், வீடுகள் இருக்கும் இடத்தில் மட்டும் கணக்கிட்ட அடர்த்தி எட்டாயிரத்தைத் தாண்டும். கண்ணுக்கு நகரம், ஏட்டுக்குக் கிராமம். பெரிய ஏரிக்கரை ஊர்களிலும் மலையடிவார ஊர்களிலும் இதை எதிர்பார்க்கலாம்.

ஆண்களின் வேலை: இங்கேதான் முடிவு

நம் கற்பனை கிராமத்துக்குத் திரும்புவோம். பயிர் செய்பவர்கள் 190, கூலிகள் 171, ஆக விவசாயத்தில் 361 பேர். 1,480இல் இதைக் கழித்தால் 1,119. வீட்டுத் தொழிலையும் மற்றவர்களையும் கூட்டினாலும் அதேதான் வரும். 1,119ஐ 1,480ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 75.6 விழுக்காடு. தேறிவிட்டது.

எவ்வளவு வித்தியாசத்தில் என்று பாருங்கள். 1,480இல் 75 விழுக்காடு 1,110. இந்தக் கிராமம் ஒன்பது ஆண்களால் நகரம் ஆகிறது. கணக்கெடுப்பாளர் ஒரு தெருவில் பத்துப் பேரிடம் "என்ன வேலை?" என்று கேட்கும்போது, அவர்கள் "லாரி ஓட்டுறேன்" என்பதற்குப் பதில் "காட்டு வேலைதான்" என்று சொல்லியிருந்தால் ஊரின் வகையே மாறியிருக்கும். இரண்டையும் செய்பவர்கள்தான் நம் ஊர்களில் அதிகம் என்பதை யோசித்தால் இந்த எல்லைக்கோட்டின் மெலிவு புரியும்.

இதில் மூன்று வார்த்தைகளை நிதானமாகப் பார்க்க வேண்டும். முதன்மை, ஆண், விவசாயம்.

முதன்மைத் தொழிலாளர் என்றால் கணக்கெடுப்புக்கு முந்தைய ஓராண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர். அதற்குக் குறைவாகச் செய்தவர் குறுகிய காலத் தொழிலாளர். அவர் இந்த விகிதத்துக்குள்ளேயே வருவதில்லை. விவசாயக் கூலி வேலை பருவத்தைச் சார்ந்தது என்பதால் இந்த ஆறு மாதக் கோட்டில் அதிகம் அடிபடுபவர்கள் கூலிகள்தான். நம் கிராமத்தில் ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை கிடைத்த ஆண் விவசாயக் கூலிகள் 120 பேர் இருந்ததாக வையுங்கள். மழை நன்றாகப் பெய்து, அவர்களுக்கு ஏழெட்டு மாதம் வேலை கிடைத்திருந்தால் அவர்களும் முதன்மை வரிசைக்கு வந்திருப்பார்கள். அப்போது மொத்தம் 1,600, விவசாயம் அல்லாதவர்கள் அதே 1,119, விகிதம் 69.9. கிராமம்! வறண்ட ஆண்டில் கணக்கெடுத்தால் நகரம், செழித்த ஆண்டில் எடுத்தால் கிராமம் என்ற விபரீதம் இந்த விதிக்குள் ஒளிந்திருக்கிறது. கணக்கிடும்போது `MARG` என்று தொடங்கும் பத்திகளையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே விவசாயக் கூலி எண்ணிக்கை பெரிதாக இருந்தால் உங்கள் விகிதத்தை நம்பி ரொம்பப் பேச வேண்டாம்.

அடுத்தது ஆண். பெண்களின் வேலையைக் கணக்கெடுப்பு சரியாகப் பிடிப்பதில்லை என்பது பழைய குறை. "வீட்டில் சும்மாதான் இருக்காங்க" என்ற ஒரு பதிலில் களையெடுப்பும் மாட்டுத் தொழுவமும் மறைந்துபோகும். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்க ஆண்களை மட்டும் எடுப்பது வசதிதான். ஆனால் ஆண்கள் பஞ்சாலைக்கும் கட்டட வேலைக்கும் போய்விட, வயலைப் பெண்கள் பார்த்துக்கொள்ளும் ஊர்கள் ஏராளம். நம் கிராமத்தில் பெண் முதன்மைத் தொழிலாளர்கள் 610 பேர், அதில் 395 பேர் விவசாயத்தில் என்று சேர்த்துப் பாருங்கள். இருபாலரும் 2,090 பேர், விவசாயத்தில் 756 பேர், மிச்சம் 63.8 விழுக்காடு. பெண்களையும் எண்ணினால் இந்த நகரம் கிராமமாகிவிடும்.

மூன்றாவது வார்த்தையில்தான் தரவைப் பயன்படுத்துபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பால்மாடு, கோழிப்பண்ணை, மீன்பிடிப்பு, வனவேலை, தோட்டப்பயிர் போன்றவற்றை 1961இலும் 1971இலும் விவசாயம் அல்லாத வேலை என்று எடுத்துக்கொண்டார்கள். 1981 முதல் விதி மாறியது. நகரமா என்று முடிவு செய்யும்போது இவையும் விவசாயக் கணக்கில்தான் சேர வேண்டும். ஆனால் பி.சி.ஏ. அட்டவணையின் நான்கு பிரிவுகளில் இவர்களுக்குத் தனி இடம் இல்லை. 'மற்றவர்கள்' என்ற பத்தியில் ஆசிரியர், டிரைவர், டெய்லரோடு சேர்த்து இவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். இன்னொன்று: கணக்கெடுப்பின் வரையறைப்படி தேயிலை, காபி, ரப்பர், தென்னை, பாக்கு வளர்ப்பது பயிர் செய்வதில் சேராது. பொள்ளாச்சிப் பக்கம் பத்து ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருப்பவரை நாம் விவசாயி என்போம், அவரும் அப்படித்தான் சொல்லிக்கொள்வார். அட்டவணையில் அவர் 'மற்றவர்'.

நம் கிராமத்தின் 1,055 மற்றவர்களில் 38 ஆண்கள் கோழிப்பண்ணையிலும் பால் தொழிலிலும் இருந்தால் என்ன ஆகும்? அவர்களை விவசாயப் பக்கம் நகர்த்தினால் 1,119 என்பது 1,081 ஆகும். விகிதம் 73.0. தேறாது. பி.சி.ஏ.யை மட்டும் வைத்துக்கொண்டு நாம் போடும் விழுக்காடு ஒரு மேல் வரம்பு என்பதை மறக்கக் கூடாது. உண்மை விகிதம் அதற்குச் சமமாக இருக்கலாம், அல்லது குறைவாக இருக்கலாம். கடலோர ஊர், தேயிலை மலை, தென்னைப் பகுதி, கோழிப்பண்ணைகள் நிறைந்த இடம் என்றால் 75க்கு மேல் இரண்டு மூன்று புள்ளி வந்தாலும் துள்ளிக் குதிக்க வேண்டாம். நெசவு, பீடி சுற்றுவது மாதிரியான வீட்டுத் தொழிலில் இந்தச் சந்தேகம் இல்லை, அது விவசாயம் அல்லாததுதான்.

எல்லாம் தேறியும் பட்டியலில் இல்லையே?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். 2011 எண்களில் மூன்று நிபந்தனையும் நிறைவேறுகிறது, ஆனால் 2011 பட்டியலில் ஊர் கிராமமாகவே இருக்கிறது. காரணம், நகரப் பட்டியலைக் கணக்கெடுப்பு முடிந்த பிறகு தயாரிப்பதில்லை. முன்கூட்டியே தயாரித்துவிடுகிறார்கள். எந்த இடத்தில் நகரத்துக்கான பணி அமைப்பு, எங்கே கிராமத்துக்கானது என்று திட்டமிட அது தேவைப்படுகிறது. அதற்குக் கையில் இருப்பது முந்தைய கணக்கெடுப்பின் எண்கள்.

2011க்காக அவர்கள் எடுத்தது 2001இன் எண்களை. 2001இல் 4,000 பேரும், 400 அடர்த்தியும், 75 விழுக்காடும் இருந்த கிராமங்கள் கணக்கெடுப்பு நகரங்களாகப் பரிசீலிக்கப்பட்டன. பத்தாண்டில் 4,000 என்பது 5,000 ஆகிவிடும் என்பது எதிர்பார்ப்பு. அதற்கு 25 விழுக்காடு வளர்ச்சி வேண்டும். தமிழ்நாட்டின் மக்கள்தொகை 2001க்கும் 2011க்கும் இடையில் வளர்ந்தது 15.6 விழுக்காடு. அந்த வேகத்தில் 4,000 பேர் 4,624 ஆவார்கள். ஆக, பெயரில் `(CT)` இருந்தும் 5,000 பேர் இல்லாத ஊரைக் கண்டால் அச்சுப் பிழை என்று நினைக்காதீர்கள்.

நம் கற்பனை கிராமத்துக்கு 2001இல் 4,310 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளர்கள் 1,205, அதில் விவசாயத்தில் 450 என்று வைத்தால் விகிதம் 62.7தான். பட்டியல் தயாரித்த அன்று அது தேறவில்லை. 2011இல் 75.6ஐ எட்டியதை யாரும் திரும்ப வந்து பார்க்கவில்லை. அதனால் நீங்கள் கணக்கிடும்போது எப்போதும் இரண்டு முறை போடுங்கள். 2011 பட்டியலில் ஏன் இருக்கிறது, ஏன் இல்லை என்று தெரிய 2001 எண்கள். அடுத்த பட்டியலில் வருமா என்று ஊகிக்க 2011 எண்கள்.

அடுத்தது 2027 கணக்கெடுப்பு. அதற்கான குறிப்பு நாள் பெரும்பாலான பகுதிகளுக்கு 2027 மார்ச் 1. ஊர் எல்லைகளை 2025 டிசம்பர் 31க்குள் மாற்றி முடிக்க வேண்டும், அதன் பிறகு கணக்கெடுப்பு முடியும்வரை தொடக் கூடாது என்று மாநிலங்களுக்குச் சொல்லப்பட்டது. 2011க்கும் 2027க்கும் நடுவே கணக்கெடுப்பே நடக்காததால், முன்கூட்டிப் பட்டியல் போட அதைவிடப் புதிய ஊர்வாரி எண் எதுவும் இல்லை. பதினாறு வருடத்துக்கு முந்தைய வேலை விவரத்தைக் கொண்டு இன்றைய ஊரைப் பார்ப்பதில் எவ்வளவு தவறும் என்பதை நம் கிராமத்தின் 62.7க்கும் 75.6க்கும் உள்ள தூரத்தை வைத்துக் கணித்துக்கொள்ளலாம், அது பத்து வருட வித்தியாசம்தான்.

பட்டியலில் வந்துவிட்டால் என்ன மாறும்?

ஊரில் இருப்பவருக்கு உடனே எதுவும் மாறாது. கணக்கெடுப்பு நகரம் என்பது புள்ளிவிவரத்துக்கான பெயர். ஊராட்சித் தலைவர் தலைவராகவே இருப்பார், ஊராட்சி ஒன்றியம் இருக்கும், ஊரக வேலைத் திட்டம் தொடரும், வீட்டுவரியும் ஊராட்சி விகிதத்திலேயே வரும். இவையெல்லாம் மாறுவது மாநில அரசு ஆணை போட்டு ஊரைப் பேரூராட்சி ஆக்கும்போதோ பக்கத்து நகராட்சியோடு இணைக்கும்போதோதான். நகராட்சியில் சேர்க்காதே என்று கிராம சபையில் தீர்மானம் போட்டு மறியல் செய்பவர்கள் எதிர்ப்பது அந்த ஆணையை. `(CT)` என்ற குறிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஏட்டில் பத்து வருடமாக நகரமாக இருந்த ஊரில்கூட "எங்களை நகரமாக்காதீர்கள்" என்ற பலகையைப் பார்க்கலாம்.

வங்கிக்காரர் உங்கள் ஊரை வேறொரு பெயரில் சொன்னாலும் குழம்ப வேண்டாம். ரிசர்வ் வங்கி கிளைகளை வகைப்படுத்துவது மக்கள்தொகையை மட்டும் வைத்து. 10,000க்குக் கீழே இருந்தால் ஊரகம், 10,000 முதல் ஒரு லட்சத்துக்குள் என்றால் சிறுநகரம், அதற்கு மேல் நகரம், பத்து லட்சம் தாண்டினால் பெருநகரம். அடர்த்தியும் வேலையும் அங்கே கேள்வியில்லை. எனவே 5,420 பேர் உள்ள நம் கிராமம் அடுத்த பட்டியலில் கணக்கெடுப்பு நகரமாக வந்தாலும், அங்கே வங்கிக் கிளை இருந்தால் அதன் பலகைக்குப் பின்னால் இருக்கும் வகை ஊரகம்தான். இனி யாராவது "எங்க ஊர் நகரமா கிராமமா?" என்று கேட்டால், "யாருடைய ஏட்டில்?" என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.